தொட்டதும் மறைந்த காலண்டர்: மண்டப முன்பதிவுப் படிவம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கொங்குப் பகுதியில் ஒரு திருமண மண்டபம். கீழே பெரிய ஹால், மாடியில் நிச்சயதார்த்தம், வளைகாப்பு மாதிரியான விசேஷங்களுக்குச் சின்ன ஹால். அவர்களுடைய இணையதளத்தை நானும் என்னோடு வேலை செய்யும் தங்கை வயதுப் பெண் ஒருவரும் சேர்ந்து செய்துகொடுத்தோம். 2023 ஜூன் கடைசியில் அதில் ஒரு விசாரணைப் படிவம் சேர்த்தோம். ஆடியில் மண்டபம் காலியாகக் கிடக்கும். ஆனால் ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடம் பிடிக்க எல்லோரும் விசாரிப்பது அந்த ஆடியில்தான். அதற்குள் படிவம் ஓட வேண்டும் என்பது மேனேஜரின் விருப்பம்.

படிவம் சின்னது. பெயர், போன் எண், எந்த ஹால் என்று கேட்கும் டிராப்டவுன், அதன் கீழே தேதி. தேதிக்கு மட்டும் ஒரு பிளகின் போட்டோம். பெட்டியைத் தொட்டால் கீழே காலண்டர் விரியும். ஏற்கெனவே பதிவான நாட்கள் சாம்பல் நிறத்தில், தொட முடியாதபடி இருக்கும். முகூர்த்த நாட்களைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். இந்த இரண்டும் வேண்டும் என்று மேனேஜர் முதல் நாளே கேட்டிருந்தார். பின்னால் எடுத்த முடிவுகளுக்கு இந்தக் கோரிக்கைதான் காரணம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்படைக்கும் முன் என் கணினியில் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஓட்டிப் பார்த்தோம். என் ஆண்ட்ராய்டு போனிலும் பார்த்தேன். எல்லாம் சரி.

## வந்த புகார்

ஜூலை மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, காலண்டர் மின்னிட்டு ஓடிருதுங்க. நாலஞ்சு பேரு சொல்லிட்டாங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா நல்லாத்தான் வருது."

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அதிலிருந்த "மின்னிட்டு" என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. காலண்டர் வராமல் இருப்பது ஒரு கோளாறு; வந்துவிட்டுப் போவது வேறு கோளாறு. வராவிட்டால் தொடுதலே போய்ச் சேரவில்லை, அல்லது காலண்டர் வேறு ஏதோ ஒன்றின் அடியில் மறைந்திருக்கிறது என்று தேடலாம். வந்துவிட்டுப் போகிறது என்றால் யாரோ அதை மூடுகிறார்கள் என்றுதான் பொருள். நான் முதல் வகைக் கோளாறைத் தேடப் போனேன்.

## வீணான இரண்டு நாள்

முதலில் குரோமின் டெவலப்பர் கருவியில் போன் அளவுக்குத் திரையைச் சுருக்கிக் காட்டும் வசதியில் படிவத்தைத் திறந்தேன். காலண்டர் திறந்தது, நின்றது, தேதியும் விழுந்தது. சரி, அடுக்கு வரிசையில் சிக்கலாக இருக்கும் என்று `z-index` மதிப்புகளைத் துருவினேன். அப்புறம் தொடுதல் நிகழ்வுகளைப் பிளகின் கையாளும் விதத்தைப் பார்த்தேன். தொட்டால் முதலில் `touchstart`, பிறகு பிரவுசரே தயாரித்துத் தரும் `click` என்று இரண்டு வருவதால், ஒன்று திறக்க மற்றொன்று மூடுகிறதோ என்று சந்தேகம். அதுவும் இல்லை.

அதே பக்கத்தில் ஒரு துப்பு என் கண் முன்னாலேயே இருந்தது. ஹாலைக் கேட்கும் டிராப்டவுன் பற்றி ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அது சாதாரண `<select>`. அதைத் தொட்டால் பட்டியலை வரைவது நம் பக்கம் அல்ல, பிரவுசரும் போனும்தான். அதற்குக் கீபோர்டும் தேவையில்லை. தேதிப் பெட்டியோ `<input type="text">`. அதைத் தொட்டால் போன் தன் கடமையாகக் கீபோர்டை எழுப்பும். கணினித் திரையில் எவ்வளவு கச்சிதமாகப் போனை நடித்துக் காட்டினாலும் அந்த நடிப்பில் கீபோர்டு எழும்புவதில்லை. கோளாறு இருந்த இடமும் அதுதான். இரண்டு நாள் அங்கே தேடினாலும், இருபது நாள் தேடினாலும் கிடைத்திருக்காது.

என் சொந்தப் போனில் ஏன் பிடிபடவில்லை என்பதற்கான பதில் கொஞ்சம் வெட்கமானது. என் போனில் காலண்டர் மூடவில்லை. கீபோர்டு அதன் கடைசி இரண்டு வரிசைகளை மறைத்தது, அவ்வளவுதான். நான் பழக்கதோஷத்தில் பின்செல்லும் விசையைத் தட்டிக் கீபோர்டை இறக்கிவிட்டுத் தேதியைத் தொட்டிருக்கிறேன். படிவத்தை எழுதியவனின் கட்டைவிரல் கோளாறைத் தானாகவே தாண்டிப் போய்விட்டது. என்னோடு வேலை செய்யும் இளையவர்தான் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, நீங்க கீபோர்டை இறக்கிட்டுத்தான் தேதியைத் தொடுறீங்க. மத்தவங்க அப்படிப் பண்ண மாட்டாங்க."

## நேரில் பார்த்தது

மறுநாள் மண்டபத்துக்கே போனோம். அலுவலகத்தில் மேனேஜரின் பழைய போன் ஒன்று கிடந்தது, ஆண்ட்ராய்டு 6. அதில் தேதிப் பெட்டியைத் தொட்டதும் காலண்டர் விரிந்தது. கீழேயிருந்து கீபோர்டு ஏறியது. ஏறி முடிந்த கணத்தில் காலண்டர் காணாமல் போனது. மேனேஜர் சொன்ன அதே மின்னல்.

போனை யுஎஸ்பி கேபிளில் மடிக்கணினியோடு இணைத்து, போனில் யுஎஸ்பி பிழைநீக்க வசதியை இயக்கி, மடிக்கணினியின் குரோமில் `chrome://inspect` திறந்தேன். போனில் ஓடும் பக்கத்தின் கன்சோல் கணினியில் தெரியும். மூடுவது யார் என்பதைப் பார்க்க, காலண்டரைத் திறக்கும் இடத்திலும் மூடும் இடத்திலும் ஒவ்வொரு பதிவு வரி சேர்த்தேன். கூடவே இதையும்:

```js
window.addEventListener('resize', () => {
  console.log('resize', Math.round(performance.now()),
              innerWidth, innerHeight);
});
```

ஒரு முறை தொட்டதற்குக் கிடைத்த பதிவு இது. முதல் எண் மில்லிவினாடி.

```
open    41210
resize  41503  360  331
close   41504
```

தொடும் முன் பக்கத்தின் உயரம் 592. கீபோர்டு ஏறிய பின் 331. அகலம் 360 அப்படியே. `resize` வந்த ஒரு மில்லிவினாடியில் மூடல். பிளகினின் மூலத்தைத் திறந்து `resize` என்று தேடினால் ஒரே வரிதான் இருந்தது:

```js
window.addEventListener('resize', closeCalendar);
```

இதை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலண்டர் திறக்கும்போது, பெட்டி திரையில் எங்கே இருக்கிறது என்று அளந்து அதன் கீழே பொருத்துகிறது. ஜன்னலின் அளவு மாறினால் அந்தக் கணக்கு தவறிவிடும். மறுபடி அளப்பதைவிட மூடிவிடுவது எளிது. கணினியில் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. காலண்டரைத் திறந்துவைத்துக்கொண்டு யார் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுப்பார்கள்? ஊர்ஜிதப்படுத்த மடிக்கணினியில் அதையே செய்தேன். காலண்டரைத் திறந்து ஜன்னலின் ஓரத்தை ஒரு விரற்கடை இழுத்தேன். மறைந்தது. ஆக, "கணினியில் வேலை செய்கிறது" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததுகூடச் சரியில்லை. கணினியிலும் அதே கோளாறு இருந்தது. அதைத் தூண்டிவிட அங்கே கீபோர்டு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

## ஏன் எல்லாப் போனிலும் வரவில்லை

குரோம் ஆண்ட்ராய்டில் நெடுநாள் இருந்த வழக்கம், கீபோர்டு ஏறினால் பக்கத்தின் உயரத்தையே குறைத்துவிடுவது. உயரம் குறைவதால் `resize` நிகழும். 2022 இறுதியில் வந்த குரோம் 108 இந்த வழக்கத்தை மாற்றியது. அதன் பிறகு கீபோர்டு பக்கத்தின் மேல் வந்து படியும். கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் சுருங்கும். பக்கம் தன் உயரத்தை மாற்றிக்கொள்ளாது, `window` மீது `resize` வராது. என் போன் இந்த வகை. ஐபோனின் சஃபாரியும் இப்படித்தான்.

மேனேஜரின் பழைய போனில் குரோம் 106 இருந்தது. ஆண்ட்ராய்டு 6-க்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்பே அதுதான். எத்தனை முறை அப்டேட் தட்டினாலும் 108-க்குப் போகாது. வீட்டில் பெரியவர்கள் கையில் இருப்பது பல நேரம் இப்படிப்பட்ட போன்தான், மண்டபம் விசாரிப்பவர்களில் பெரியவர்கள் நிறைய. இவர்களைத் தவிர இன்னொரு கூட்டமும் சிக்கியிருந்தது. மண்டபத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் படிவத்தின் இணைப்பு இருந்தது. அதைத் தொட்டவர்களுக்குப் பக்கம் குரோமில் திறக்காமல் அந்தச் செயலிக்குள்ளேயே திறந்தது. அப்படித் திறக்கும்போது கீபோர்டுக்கு இடம் விட்டுச் சுருங்குவதா, வேண்டாமா என்பதைச் செயலியே தீர்மானிக்கிறது. நாங்கள் சோதித்த செயலி சுருங்கியது. புதுப் போன் வைத்திருந்தவர்களிடமிருந்தும் ஏன் புகார் வந்தது என்பது இதில் விளங்கியது.

ஐபோன்காரர் ஒருவரும் "காலண்டர் சரியில்லை" என்றே சொல்லியிருந்தார். அவருக்கு நடந்தது வேறு. எங்கள் பெட்டியின் எழுத்து அளவு 14 பிக்சல். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி அதைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கும். பெரிதானதில் காலண்டரின் வெள்ளியும் சனியும் திரைக்கு வெளியே போய்விட்டன. ஒரே வாசகத்தில் இரண்டு கோளாறு. மேனேஜர் இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணியிருந்தார், நாங்களும்தான்.

## முதல் முடிவு: கீபோர்டை வரவிடாமல் செய்வது

ஆடி ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஏதாவது செய்தாக வேண்டும். காலண்டரில் தேர்ந்தெடுக்கத்தானே போகிறார்கள், தட்டச்சு எதற்கு என்று தேதிப் பெட்டியில் `readonly` சேர்த்தேன். எழுத முடியாத பெட்டிக்குப் போன் கீபோர்டை எழுப்பாது. கீபோர்டு இல்லையென்றால் `resize` இல்லை. பழைய போனில் தேதிப் பெட்டியைத் தொட்டோம், காலண்டர் நின்றது. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பி வந்துவிட்டோம்.

பிளகினின் வரியைத் தொடாததற்கு அன்று ஒரு காரணம் வைத்திருந்தேன்: வெளியார் எழுதியதை மாற்றினால் அடுத்த பதிப்பில் அழிந்துவிடும். காரணம் நியாயமானதுதான். ஆனால் மூலத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் தூண்டுதலை மட்டும் நிறுத்துகிறோம் என்பது அப்போது மனதில் உறைக்கவில்லை.

## தொடர்ந்து நடந்தவை

மூன்றாம் நாள் மேனேஜர் மறுபடி. குரலில் சிரிப்பு இருந்தது. "தம்பி, யாரோ 1970 ஜனவரி ஒண்ணாந்தேதிக்கு மண்டபம் கேட்டிருக்காங்க. நான் அப்பப் பொறக்கவே இல்லீங்க."

ஒன்று அல்ல, ஐந்து விசாரணைகள் அந்தத் தேதியோடு வந்திருந்தன. காரணம் இரண்டு அடுக்கு. தேதிப் பெட்டியில் `required` இருந்தது. காலியாக விட்டால் பிரவுசர் படிவத்தை அனுப்பவிடாது என்று அதை நம்பியிருந்தோம். ஆனால் எச்டிஎம்எல் விதிப்படி `readonly` உள்ள பெட்டிக்கு இந்தச் சரிபார்ப்பே கிடையாது. பயனரால் மாற்ற முடியாத பெட்டியை நிரப்பச் சொல்லி எப்படி மிரட்டுவது என்பது விதியின் தர்க்கம். `required` என்ற சொல் குறியீட்டில் இருந்தது, வேலை செய்யவில்லை, எச்சரிக்கையும் தரவில்லை. காலியான தேதி சர்வருக்குப் போனது. அங்கே என் பிஎச்பி வரி:

```php
$d = date('Y-m-d', strtotime($_POST['event_date']));
```

காலிச் சரத்துக்கு `strtotime` `false` தரும்; `date` அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்; பூஜ்யம் என்பது 1970 ஜனவரி 1. பிரவுசர் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் சர்வரில் சரிபார்க்காமல் விட்டது முழுக்க என் தவறு.

ஏன் ஐந்து பேரும் காலியாக விட்டார்கள்? அதை இளையவர் கண்டுபிடித்தார். நாங்கள் சோதித்தபோது நேராகத் தேதிப் பெட்டியைத் தொட்டோம். உண்மையில் யாரும் அப்படி நிரப்புவதில்லை. முதலில் பெயர், பிறகு போன் எண். போன் எண் அடிக்கும்போது கீபோர்டு மேலே நிற்கிறது. அங்கிருந்து தேதிக்குப் போனால், எழுத முடியாத பெட்டி என்பதால் கீபோர்டு இறங்குகிறது. இறங்கினால் உயரம் 331-லிருந்து 592-க்குத் திரும்புகிறது. அதுவும் `resize`தான். காலண்டர் மறுபடி மின்னி மறைந்தது. இரண்டாம் முறை தொட்டால், கீபோர்டு ஏற்கெனவே இறங்கிவிட்டதால், நிற்கும். இரண்டாம் முறை தொடாதவர்கள் அப்படியே அனுப்பிவிட்டார்கள். ஹால் டிராப்டவுனைத் தொட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கீபோர்டு அங்கேயே இறங்கியிருக்கும், அதனால் சிக்கல் வரவில்லை. பெரிய ஹால் முன்கூட்டியே தேர்வாகி இருந்ததால் பலர் அதைத் தொடாமலே தாண்டியிருந்தார்கள்.

## பரிசீலித்த வழிகள்

இந்த முறை அவசரப்படாமல் உட்கார்ந்தோம்.

பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டியான `<input type="date">` முதலில் நினைவுக்கு வந்தது. போனுக்குப் போன் வேறு முகம் காட்டினாலும் கீபோர்டுச் சண்டை இல்லாதது. அனுப்பும் மதிப்பு எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருக்கும். பிறந்த தேதி கேட்கும் படிவமாக இருந்தால் யோசிக்காமல் இதையே போட்டிருப்பேன். ஆனால் இடையிலுள்ள குறிப்பிட்ட நாட்களைச் சாம்பலாக்க அதில் வழியில்லை. `min`, `max` என்று இரண்டு எல்லை கொடுக்கலாம். பதிவான நாட்களையும் முகூர்த்தத்தையும் காட்ட முடியாது. மண்டபத்துக்கு அந்த இரண்டும்தான் காலண்டர். விட்டுவிட்டோம்.

அடுத்தது `inputmode="none"`. பெட்டி எழுதக்கூடியதாகவே இருக்கும், கீபோர்டு மட்டும் வராது, `required` வேலை செய்யும். அழகான வழி. ஆனால் கணினியில் வருபவர்கள் தட்டச்சு செய்வார்கள். 10/9 என்று அடித்தால் நமக்குச் செப்டம்பர் பத்து. `new Date('10/9/2023')` என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால் அக்டோபர் ஒன்பது. கல்யாண மண்டபத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கக் கூடாது. இதனால் இதையும் விட்டோம்.

கடைசியில் வந்து நின்ற யோசனை எளியது. தேதியை யாரும் எழுதப் போவதில்லை என்றால் அதற்கு எழுதும் பெட்டி எதற்கு? பட்டனாகவே வைத்துவிடலாம்.

## இறுதி முடிவு

```html
<button type="button" id="dateBtn">தேதியைத் தேர்ந்தெடுக்கவும்</button>
<input type="hidden" name="event_date" id="eventDate">
```

பட்டனுக்குக் கீபோர்டு வராது. பட்டனைத் தொட்டால் ஐபோன் பெரிதாக்குவதும் இல்லை. எழுத்து அளவையும் 16 ஆக்கிவிட்டோம், பெயர்ப் பெட்டிக்கும் அதே தொல்லை இருந்ததால். `type="button"` என்பதை விட்டுவிட்டால் பட்டன் படிவத்தையே அனுப்பிவிடும், அதைக் கவனிக்க வேண்டும். தேதி தேர்வானதும் பட்டனின் எழுத்தே "10 செப்டம்பர் 2023, ஞாயிறு" என்று மாறும். கிழமையும் தெரிவதால் தவறான நாளைத் தொட்டவர்கள் அங்கேயே திருத்திக்கொள்கிறார்கள் என்று மேனேஜர் பிறகு சொன்னார். இது நாங்கள் திட்டமிடாத லாபம்.

பட்டன் மட்டும் போதாது. போன் எண்ணிலிருந்து வருபவருக்குக் கீபோர்டு இறங்கும் சிக்கல் அப்படியே இருக்கும். ஆகவே தொடாமல் விட்டிருந்த அந்த வரியைத் தொட்டோம். கீபோர்டு ஏறினாலும் இறங்கினாலும் உயரம் மட்டும்தான் மாறும். போனைத் திருப்பினாலோ ஜன்னலைப் பக்கவாட்டில் இழுத்தாலோ அகலம் மாறும். பிளகினின் கோப்பை எங்கள் பக்கம் நகலெடுத்து, மாற்றிய இடத்தில் குறிப்பு எழுதி, இப்படி ஆக்கினோம்:

```js
let lastWidth = window.innerWidth;
window.addEventListener('resize', () => {
  if (window.innerWidth === lastWidth) return;
  lastWidth = window.innerWidth;
  closeCalendar();
});
```

மறைந்திருக்கும் உள்ளீட்டுக்கும் `required` செல்லாது. அதனால் அனுப்பும் முன் காலியாக இருந்தால் பட்டனின் கீழே சிவப்பில் ஒரு வரி காட்டி நிறுத்துகிறோம். சர்வரிலும் தேதி இருக்கிறதா, சரியான வடிவமா, அந்த நாள் ஏற்கெனவே பதிவானதா என்று மூன்றையும் பார்க்கிறோம். மூன்றாவது முக்கியம்: ஒருவர் காலண்டரைத் திறந்துவைத்திருக்கும் நேரத்தில் மேனேஜர் வேறொருவருக்குப் போனில் அதே நாளைக் கொடுத்திருக்கலாம்.

இதில் ஒரு தவறு வெளியே போகும் முன் பிடிபட்டது. மறைந்த உள்ளீட்டில் தேதியை நிரப்ப இளையவர் `toISOString()` பயன்படுத்தியிருந்தார். அது உலக நேரத்துக்கு மாற்றி எழுதும். நம் ஊரில் செப்டம்பர் 10 நள்ளிரவு என்பது அங்கே 9-ஆம் தேதி மாலை 6.30. பட்டனில் 10, சர்வரில் 9. ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியே எடுத்துச் சேர்க்கும்படி மாற்றினோம்.

## விளைவு

ஆகஸ்ட் முதல் வாரம் புதிய படிவத்தை ஏற்றினோம். ஏற்றும் முன் நான்கு வழிகளில் சோதித்தோம்: பழைய ஆண்ட்ராய்டு 6 போன், என் போன், சமூக ஊடகச் செயலிக்குள் திறந்த பக்கம், மேனேஜரின் மகளுடைய ஐபோன். ஒவ்வொன்றிலும் நேராகத் தேதியைத் தொடாமல், பெயரும் எண்ணும் அடித்துவிட்டுக் கீபோர்டு மேலே நிற்கும்போதே பட்டனைத் தொட்டோம். நான்கிலும் காலண்டர் நின்றது. அதன் பிறகு தேதி இல்லாத விசாரணை வரவில்லை. மின்னல் புகாரும் வரவில்லை.

தீராத ஒன்று உண்டு. போனைப் படுக்கையாகத் திருப்பிப் பிடித்தால் காலண்டரின் உயரம் திரையைவிடப் பெரிதாகிறது. கடைசி வரிசையைப் பார்க்கப் பக்கத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை. படுக்கையாகப் பிடித்துக்கொண்டு மண்டபம் விசாரிப்பவர் குறைவு என்று நினைத்து அதை அப்படியே விட்டிருக்கிறோம்.

## மாற்றிக்கொண்டவை

போன் புகார் வந்தால் இப்போது முதலில் மூன்று கேள்வி கேட்கிறோம்: என்ன போன், இணைப்பை எங்கிருந்து திறந்தீர்கள், அதற்கு முன் எந்தப் பெட்டியைத் தொட்டீர்கள். மூன்றாவது கேள்வியை அன்று கேட்டிருந்தால் `readonly` போட்ட மாலையிலேயே பாதிச் சிக்கல் மிச்சம் இருப்பது தெரிந்திருக்கும். மேனேஜரிடம் கேட்டுவிட்டு, முடிந்தால் அந்த வாடிக்கையாளரிடமே ஒரு நிமிடம் பேசுகிறோம்.

பிளகின் எதைச் சேர்த்தாலும் அதன் மூலத்தில் `resize`, `scroll`, `blur` என்று மூன்று சொல்லைத் தேடிப் பார்க்கிறோம். காலண்டரோ டிராப்டவுனோ, தானாக மூடிக்கொள்ளும் எதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. பத்து நிமிட வேலை. கணினியின் போன் காட்சியை இப்போது தளவமைப்பு பார்க்க மட்டும் பயன்படுத்துகிறோம்.

ஒப்படைக்கும் முன் படிவத்தை முழுசாக, மேலிருந்து கீழே, எழுதியவர் அல்லாத ஒருவர் நிரப்ப வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. எங்கள் அலுவலகத்தில் இருப்பதே இரண்டு பேர் என்பதால் அந்த வேலை பாதி நேரம் மேல்மாடிக் கணக்கர் தலையில் விழுகிறது. அவருக்கு நிரல் எழுதத் தெரியாது, கீபோர்டை இறக்கவும் தோன்றாது, அதனால்தான் அவர்.

மேனேஜரின் அந்தப் பழைய போனை விலைக்குக் கேட்டேன். சும்மாவே கொடுத்துவிட்டார். 1970 தேதியோடு வந்த ஐந்து பேரையும் அவரே கூப்பிட்டுச் சரியான நாளைக் கேட்டு எழுதிக்கொண்டார்; அதில் இரண்டு பேர் அதற்குள் வேறு மண்டபம் பிடித்திருந்தார்கள்.